மூன்று கற்பித்தல் முறைகளும் ஒரு மதிப்பெண் பட்டியலும்

ஒன்பதாம் வகுப்பில் ஒளியியல் பாடம். ஆசிரியை ஒருவர் பதினைந்து மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி, ஐந்து ஐந்து பேராக மூன்று குழுக்களாகப் பிரிக்கிறார். முதல் குழுவுக்குக் கரும்பலகையில் எழுதி விளக்குகிறார். இரண்டாம் குழு புத்தகத்தைப் படித்துத் தங்களுக்குள் கலந்து பேசுகிறது, அவர் இடையிடையே கேள்வி மட்டும் கேட்கிறார். மூன்றாம் குழுவின் கையில் ஆடியையும் லென்ஸையும் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்கிறார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், நூறு மதிப்பெண்ணுக்கு. இப்படி ஒரு சோதனை நடந்ததாக வைத்துக்கொள்வோம். கணக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன்.

கரும்பலகைக் குழு: 62, 58, 70, 66, 64. கலந்துரையாடல் குழு: 68, 74, 65, 71, 72. செய்முறைக் குழு: 75, 80, 72, 78, 75.

சராசரிகள் 64, 70, 76. பார்த்த மாத்திரத்தில் செய்முறைதான் சிறந்தது, அடுத்தது கலந்துரையாடல், கடைசி கரும்பலகை என்று தரவரிசை போடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூன்று குழுவுக்கும் ஒரே மாதிரிப் பாடம் நடத்தியிருந்தாலும் மூன்று சராசரியும் ஒன்றாக வந்திருக்காது. ஒரு குழுவில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கூடுதலாக விழுந்திருக்கலாம், இன்னொன்றில் ஒருவனுக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். நம் முன்னால் இருக்கும் வித்தியாசம் அந்தத் தற்செயலை மீறியதா என்பதுதான் கேள்வி.

இரண்டிரண்டு குழுவாக எடுத்து மூன்று முறை ஒப்பிட்டால் என்ன? எம்.எட். ஆய்வேடுகளில் இப்படிச் செய்பவர்கள் உண்டு. ஒவ்வொரு ஒப்பீட்டிலும், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் அபாயம் 5 சதவீதம் என்று வைக்கிறோம். மூன்று தடவை அப்படிச் சோதித்தால், எங்காவது ஓரிடத்தில் ஏமாறும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். அதனால்தான் மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கும் ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு தேவைப்படுகிறது. அனோவா என்று கல்லூரியில் சொல்வது இதைத்தான். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், உர வகைகளும் பயிர் வகைகளும் தந்த விளைச்சலை ஒப்பிடுவதற்காக வளர்த்தெடுத்த முறை இது. 1925-இல் வந்த அவருடைய புத்தகம் இதைப் பிற துறைகளுக்கும் கொண்டுபோனது.

இதன் அடிப்படை எளிது. மதிப்பெண்களில் இரண்டு வகைச் சிதறல் இருக்கிறது. ஒரே முறையில் படித்த பிள்ளைகளுக்குள்ளேயே ஒருவருக்கு 58, ஒருவருக்கு 70. இது முறையால் வந்ததல்ல, பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் இயல்பான ஏற்றத்தாழ்வு. மற்றொன்று, குழுவின் சராசரிக்கும் குழுவின் சராசரிக்கும் உள்ள தூரம். முதல் சிதறலை அளவுகோலாக வைத்து இரண்டாவதை அளக்கிறோம்.

கரும்பலகைக் குழுவின் சராசரி 64. அதிலிருந்து ஒவ்வொருவரும் விலகியிருப்பது 2, 6, 6, 2, 0. இவற்றை வர்க்கமாக்கிக் கூட்டினால் 80. அதேபோல் கலந்துரையாடல் குழுவுக்கு 50, செய்முறைக் குழுவுக்கு 38. மொத்தம் 168. ஒவ்வொரு குழுவிலும் சராசரி தெரிந்துவிட்டால் நான்கு மதிப்பெண்களே சுதந்திரமாக மாற முடியும், ஐந்தாவது தானாகவே முடிவாகிவிடும். ஆகவே 15 ஆல் அல்ல, 12 ஆல் வகுக்க வேண்டும். வருவது 14.

இனிக் குழுக்களுக்கு இடையே. பதினைந்து பேரின் பொதுச் சராசரி 70. குழுச் சராசரிகள் அதிலிருந்து விலகியிருப்பது 6, 0, 6. வர்க்கங்களைக் கூட்டினால் 72, குழுவுக்கு ஐந்து பேர் என்பதால் ஐந்தால் பெருக்க 360. மூன்று சராசரிகளில் இரண்டே சுதந்திரமானவை, எனவே இரண்டால் வகுக்க 180.

180 ஐ 14 ஆல் வகுத்தால் 12.86. இதுதான் எஃப் மதிப்பு. முறைகளுக்குள் வேறுபாடே இல்லையென்றால் இது 1-ஐ ஒட்டி வரவேண்டும். மூன்று குழு, பதினைந்து மாணவர் என்ற நம் கணக்குக்கு அட்டவணையில் உள்ள 5 சதவீத எல்லை 3.89. நமக்குக் கிடைத்தது அதைவிட வெகு தூரம் மேலே. எக்செல்லில் Anova: Single Factor என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் இதே எண்கள் F, F crit என்ற தலைப்புகளின் கீழ் வரும். பக்கத்திலேயே P-value என்று சுமார் 0.001 இருக்கும். இதைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். முறைகள் சமமாக இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று இதற்குப் பொருள் இல்லை. முறைகள் சமமாக இருக்கும் பட்சத்தில், இவ்வளவு பெரிய எஃப் மதிப்பு தற்செயலாக வரக்கூடியது ஆயிரத்தில் ஒரு தடவைதான் என்பதே பொருள்.

சராசரிகளை மட்டும் பார்த்து ஏன் முடிவு செய்யக் கூடாது என்பது இனித் தெரியும். அதே 64, 70, 76 இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் விலகலும் மும்மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகைக் குழு 58, 46, 82, 70, 64 என்று ஆகும். கூட்டிப் பாருங்கள், சராசரி மாறாது. ஆனால் குழுவுக்குள் இருக்கும் சிதறல் 14-இலிருந்து 126 ஆகிவிட்டது. எஃப் மதிப்பு 1.43. எல்லையைத் தொடவே இல்லை. அதே சராசரிகளை வைத்துக்கொண்டு இப்போது எந்த முறையைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது.

நம் முதல் பட்டியலுக்கே திரும்புவோம். எஃப் பெரிதாக வந்துவிட்டது என்பதால் செய்முறைதான் சிறந்தது என்று எழுதிவிடலாமா? கூடாது. மூன்றும் சமமல்ல என்பதோடு இந்தச் சோதனை நின்றுவிடுகிறது. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று அறிய இன்னொரு படி வேண்டும். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கியின் சோதனை அதற்குப் பயன்படுகிறது. எக்செல்லின் அந்தப் பட்டியலில் இது கிடையாது, கையால்தான் போட வேண்டும். 14 ஐ 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.67. அதை டூக்கி அட்டவணையின் 3.77 ஆல் பெருக்கினால் சுமார் 6.3. இரண்டு சராசரிகளுக்கு இடையே இதைவிட அதிக தூரம் இருந்தால்தான் அவை வேறு என்று சொல்லலாம்.

செய்முறைக்கும் கரும்பலகைக்கும் உள்ள வித்தியாசம் 12, தாராளமாகத் தாண்டுகிறது. ஆனால் கலந்துரையாடல் மற்ற இரண்டிலிருந்தும் 6 மதிப்பெண் தூரத்தில்தான் நிற்கிறது. மயிரிழையில் எட்டவில்லை. ஆகவே எளிய முடிவு இதுதான்: இந்தப் பாடத்தில், இந்த மாணவர்களிடையே, கரும்பலகையில் கேட்டவர்களைவிடச் செய்து பார்த்தவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள், கலந்துரையாடல் இவ்விரண்டில் எதிலிருந்தும் வேறுபட்டது என்று சொல்ல இந்த எண்கள் போதவில்லை. போதவில்லை என்பதைச் சமம் என்று படித்துவிடக் கூடாது. முறைக்குப் பத்துப் பேர் இருந்து சிதறலும் இதே அளவில் இருந்தால், எல்லை சுமார் 4 மதிப்பெண்ணாக இறங்கும். அப்போது 6 மதிப்பெண் வித்தியாசமே பேசத் தொடங்கும்.

இந்தக் கணக்கு எல்லாம் சீட்டுக் குலுக்கியதை நம்பி நிற்கிறது. பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. 9-அ பிரிவுக்கு ஒரு முறை, 9-ஆ பிரிவுக்கு ஒரு முறை, 9-இ பிரிவுக்கு ஒரு முறை என்று கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆசிரியர் வேறு. பிரிவுக்கு நாற்பது பேர் என்று 120 மதிப்பெண்களை உள்ளே போட்டால் எஃப் மதிப்பு பிரமாதமாக வரும். ஆனால் அது அளந்தது முறையையா, ஆசிரியரையா, காலை முதல் மணியில் வகுப்பு நடந்ததையா என்று எந்த அட்டவணையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே அறையில் உட்கார்ந்த நாற்பது பேரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவையும்கூட. அப்படிப்பட்ட ஆய்வைப் படிக்கும்போது, மாணவர்கள் எப்படிப் பிரிக்கப்பட்டார்கள் என்ற பத்தியை முதலில் தேடிப் படியுங்கள். அது இல்லையென்றால் எஃப் மதிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முறையைப் பற்றிய முடிவை நான் ஏற்க மாட்டேன்.