விடை தெரியாது... ஆனால் விடை இருக்கிறது! எப்படிச் சொல்வது?

போனில் கால்குலேட்டரைத் திறந்து, போனைப் படுக்கவைத்துப் பிடியுங்க. சில போன்களில் √ பட்டன் அப்போதுதான் தெரியும். இப்போது ஒரு சின்ன வேலை. 3-க்கு வர்க்கமூலம் எடுத்து, 2 கூட்டி, மறுபடி வர்க்கமூலம் எடுத்து, 1 கூட்டி, கடைசியாக ஒரு வர்க்கமூலம். அதாவது √(1+√(2+√3)). விடை 1.7123 என்று வரும்.

அடுத்து 4-ல் இருந்து தொடங்கி இதையே செய்தால் 1.7488. 5-ல் இருந்து 1.7562. 6-ல் இருந்து 1.7576. 7-ல் இருந்து 1.7579. எண்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் ஏறுகிற அளவு சுருங்கிக்கொண்டே வருகிறது. இப்படியே 100, 1000 என்று முடிவில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எந்த எண்ணில் போய் நிற்கும்?

அந்த எண்ணை √2, π மாதிரி நமக்குப் பழக்கமான எதையும் வைத்து எழுத இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை. அதற்கென்று ஒரு சூத்திரம் கிடையாது. தசம இலக்கங்களை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கணக்கிடலாம்: 1.7579327566...

இங்கேதான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் ‘எல்லை’ என்றால் என்ன சொல்லித் தந்தார்கள்? எண்கள் L என்ற எண்ணை நெருங்கிக்கொண்டே போனால் L-தான் எல்லை. சரி, L என்னவென்றே தெரியாதபோது ‘L-ஐ நெருங்குகிறது’ என்று எப்படிச் சோதிப்பது? போக வேண்டிய வீட்டின் முகவரி இல்லாமல் பக்கத்தில் வந்துவிட்டோமா என்று கேட்கிற மாதிரி.

பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி 1821-ல் எழுதிய பாடநூலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. (அவருக்கு முன்பே, 1817-ல், பிராக் நகரத்து போல்சானோவும் இதைச் சொல்லிவிட்டார். பெயர் என்னவோ கோஷிக்குத்தான் நிலைத்தது.) L-ஐ விட்டுவிடுங்கள், எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள் என்பதுதான் அந்த வழி. எவ்வளவு சின்ன இடைவெளியைச் சொன்னாலும், வரிசையில் ஓர் இடத்தைத் தாண்டிய பிறகு எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் அவற்றுக்கிடையே உள்ள தூரம் அதைவிடக் குறைவாக இருந்தால் போதும். எல்லை கட்டாயம் உண்டு.

நம் வர்க்கமூலங்களில் இதைப் பார்ப்போம். 20 வரை எழுதிய விடைக்கும் 21 வரை எழுதிய விடைக்கும் என்ன வித்தியாசம்? ஆக உள்ளே, 20-க்குப் பக்கத்தில் √21 புதிதாக வந்திருக்கிறது. அதாவது அங்கே சுமார் 4.58 அளவுக்கு மாற்றம். ஆனால் அந்த மாற்றம் வெளியே வர 20 வர்க்கமூலங்களைத் தாண்டியாக வேண்டும்.

1-க்குக் குறையாத இரண்டு எண்களுக்கு வர்க்கமூலம் எடுத்தால், அவற்றின் இடைவெளி பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். காரணம், √a − √b என்பது (a − b)-ஐ (√a + √b)-ஆல் வகுத்ததற்குச் சமம். அடியில் இருக்கும் கூட்டுத்தொகை 2-க்குக் குறையாது. ஆக 4.58-ஐ இருபது முறை பாதியாக்க வேண்டும், அதாவது 10,48,576-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 0.0000044. வித்தியாசம் இதைத் தாண்டாது.

இது அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு மட்டும்தான். 20-க்கும் 5,000-க்கும் இடையே? நடுவில் உள்ள எல்லா இடைவெளிகளையும் கூட்டணும். இங்கே நம் வரம்பு ஒவ்வொரு அடியிலும் கிட்டத்தட்ட பாதியாகிறது. அதனால் எத்தனை ஆயிரம் இடைவெளிகளைக் கூட்டினாலும் மொத்தம் முதல் வரம்பின் இரண்டேகால் மடங்கைத் தாண்டாது, அதாவது 0.00001-க்குள் அடங்கிவிடும். கோஷியின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. கூடவே ஒரு போனஸ்: 20 வரை எழுதினால் வருவது 1.7579327. எண்கள் ஏறுமுகம் என்பதால், எல்லை இதற்கும் 1.7579427-க்கும் நடுவில். முதல் நான்கு தசம இலக்கங்கள் உறுதி. எல்லை எது என்று தெரியாமலேயே அதைக் கூண்டில் அடைத்தாச்சு.

நான் பார்த்தவரை நிறையப் பேர் வழுக்குவது அந்த ‘எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும்’ என்ற இடத்தில்தான். அடுத்தடுத்த எண்கள் நெருங்கினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது.

மதுரை வில்லாபுரத்தில் இருந்து ஒருவர் தெற்கு நோக்கி நேராக நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 1 கி.மீ., இரண்டாம் நாள் அரை, மூன்றாம் நாள் மூன்றில் ஒரு பங்கு, நான்காம் நாள் கால். நூறாம் நாள் அவர் நடப்பது வெறும் 10 மீட்டர். எங்கேயோ நின்றுவிடுவார் என்றுதானே தோன்றுகிறது? மாட்டார். 83-ஆம் நாள் 5 கி.மீ.யைத் தாண்டுவார், 12,367-ஆம் நாள் 10 கி.மீ.யைத் தாண்டுவார். கிட்டத்தட்ட 34 வருஷம் ஆகும், ஆனால் தாண்டிவிடுவார். எந்த ஊரைச் சொன்னாலும் என்றாவது ஒருநாள் தாண்டுவார்.

எப்படித் தெரியும்? 101-ஆம் நாளில் இருந்து 200-ஆம் நாள் வரை பாருங்கள். ஒவ்வொரு நாளும் குறைந்தது 1/200 கி.மீ. என்றால் நூறு நாளில் குறைந்தது அரை கி.மீ. இதே கணக்கு 1,001 முதல் 2,000 வரைக்கும் பொருந்தும், பத்து லட்சத்துக்கு அப்புறமும் பொருந்தும். எவ்வளவு தள்ளிப் போனாலும் அரை கி.மீ. விலகி நிற்கும் இரண்டு நாட்கள் இருந்துகொண்டே இருக்கும். கோஷி நிபந்தனை உடைந்துவிட்டது.

கோடிங் செய்பவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தக் கூட்டலை 32-பிட் ஃப்ளோட்டில் ஓட்டினால், 15.4-ஐ ஒட்டி நின்றுவிடும். சேர்க்கிற எண் சின்னதாகி, ரவுண்ட்-ஆஃபில் காணாமல் போவதுதான் காரணம். திரை சொல்லும் ‘நின்றுவிட்டது’ வேறு, ஒருங்குவது வேறு.

நம்ம ஊர்க் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் √(1+2√(1+3√(1+4√...))) என்பதன் மதிப்பு என்ன என்று கேட்டார். பிறகு விடையையும் அவரே தந்தார்: 3. வழி அழகானது. 3 = √(1+2×4), 4 = √(1+3×5), 5 = √(1+4×6) என்று விரித்துக்கொண்டே போகலாம்.

ஆனால் இதே தந்திரத்தில் விடை 4 என்றும் ‘காட்டலாம்’. 4 = √(1+2×7.5). அந்த 7.5-ஐ √(1+3×221/12) என்று எழுதலாம். இப்படியே விரித்தால் அதே வடிவம்தான் வருகிறது! ஆக, விரித்தால் மட்டும் போதாது. உள்ளே ஒரு கட்டத்தில் வெட்டினால் கிடைக்கும் எண்கள் உண்மையிலேயே ஓரிடத்தில் ஒருங்குகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பார்த்தால் 3-ல்தான் ஒருங்குகின்றன. ராமானுஜன் சொன்ன விடை சரி, அந்தப் படிதான் விட்டுப்போயிருந்தது.

1927-ல் வந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில் இந்த வகைக் கேள்விக்கு ஒரு பொதுச் சோதனை இருக்கிறது. தந்தவர் தி. விஜயராகவன் (1902–1955). ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் படித்தவர். பின்னாளில் அழகப்பச் செட்டியார் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர்.

அவருடைய சோதனை, வர்க்கமூலங்களுக்குள் 1, 2, 3-க்குப் பதிலாக எந்த எண்களை வைக்கலாம் என்று சொல்கிறது. முதல் எண்ணுக்கு ஒரு முறை, இரண்டாவதற்கு இரண்டு முறை, n-ஆவது எண்ணுக்கு n முறை வர்க்கமூலம் எடுங்கள். வரும் எண்கள் எல்லாம் ஏதோ ஒரு வரம்புக்குள் அடங்கினால் எல்லை உண்டு, அடங்காவிட்டால் இல்லை. 4, 16, 256, 65536 என்று ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கமாகப் போகும் எண்களை வையுங்கள். எல்லாவற்றுக்கும் 2-தான் வரும், எனவே எல்லை இருக்கிறது. ஒவ்வொன்றையும் முந்தையதன் கனமாக வைத்தால் எந்த வரம்புக்குள்ளும் அடங்காது, விடை கட்டுக்கடங்காமல் ஏறிவிடும்.