முதல் பந்து வரும் வரை

மாற்றுக் கோல்கீப்பரை நாயகனாக வைத்துக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பெனால்டியை நோக்கி ஓடிவிடுகிறார்கள். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் அது உண்மையாகவே நடந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கோஸ்டாரிகாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கூடுதல் நேரம் முடியப்போகும் தறுவாயில், நெதர்லாந்துப் பயிற்சியாளர் வான் கால், கீப்பர் சிலெசனை வெளியே அழைத்துவிட்டு டிம் க்ரூலை இறக்கினார். ஐந்து பெனால்டிகளுக்கும் க்ரூல் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைத் தடுத்தார். ஆனால் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். எதிரணியில் யார் எந்தப் பக்கம் உதைப்பார் என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் அவர் வந்தார்.

பள்ளி அணியின் மாற்றுக் கீப்பருக்கு இந்த வசதி கிடையாது. யாருக்காவது அடிபட்டால்தான் அவனுக்கு அழைப்பு வரும். வந்ததும் அவன் சந்திக்கப்போவது பெனால்டி அல்ல, சாதாரணமான ஒரு பந்து. அவனுடைய கதை அந்த முதல் சில நிமிடங்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு கதையைக் கற்பனையாக நடத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட அளவிலான பள்ளி இறுதியாட்டம். ஐப்பசி மழை. புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் செம்மண் மைதானம். நம் பையனின் அணி ஒரு கோல் முன்னிலை. முடிய இருபது நிமிடம். உயரமாக வந்த பந்தைப் பிடிக்க எழும்பிய கீப்பர், எதிரணி ஃபார்வர்டோடு மோதி விழுகிறான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பி.இ.டி. சார் பெஞ்சைப் பார்த்துக் கத்துகிறார்: "டேய், கிளவுஸை மாட்டு. நீதான்."

எந்தக் கிளவுஸ்? அணியிடம் நல்ல ஜோடி ஒன்றுதான். அடிபட்டவன் கையிலிருந்து கழற்றியதை, சேறும் ஈரமுமாக, இவன் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளவுஸின் உள்ளங்கையில் இருப்பது லேடெக்ஸ் நுரை. லேசான ஈரத்தில் அது பந்தை நன்றாகப் பற்றும். சேறு படிந்துவிட்டால் பிடிப்பே இருக்காது. விவரம் தெரிந்த பையன் முதலில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு உள்ளங்கையையும் கழுவுவான். ஜெர்சியையும் மாற்றியாக வேண்டும். கீப்பரின் சட்டை நிறம் மற்ற ஆட்டக்காரர்களிலிருந்தும் நடுவர்களிலிருந்தும் தனியாகத் தெரிய வேண்டும் என்பது விதி.

இன்னொரு விதி கதை எழுதுகிறவர்களுக்கு மிகவும் உதவும். மாற்று ஆட்டக்காரர் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து நேராக உள்ளே போய்விட முடியாது. நடுவர் சைகை காட்டிய பிறகு, நடுக்கோட்டு ஓரத்திலிருந்துதான் நுழைய வேண்டும். அங்கிருந்து கோலுக்கு ஏறக்குறைய ஐம்பது மீட்டர். அத்தனை பேரும் பார்க்க, பெரிய சட்டையும் நனைந்த கிளவுஸுமாக அவன் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். அந்த ஓட்டத்தில் அவனுடைய கால் தரையைத் தெரிந்துகொள்கிறது: இந்த இடம் கெட்டி, இங்கே வழுக்குகிறது, இங்கே புதைகிறது. ஆட்டத்துக்கு முன் அவன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவே இல்லை. முதல் கீப்பர் பயிற்சி எடுக்க, பந்தை எறிந்துகொண்டிருந்தவன் அவன்தான். எறிந்தான், பிடிக்கவில்லை.

கீப்பருக்கு அடிபட்டதற்காக ஆட்டம் நிறுத்தப்பட்டபோது பந்து பெனால்டி பகுதிக்குள் இருந்தது. அப்படியானால் நடுவர் பந்தை அந்தப் பகுதியிலேயே தற்காக்கும் அணியின் கீப்பருக்குப் போட்டுத்தர வேண்டும். மற்றவர்கள் நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆக, வந்தவனுக்கு முதல் பந்து இனாமாகக் கிடைக்கிறது. தரையைத் தொட்டதும் எடுத்துக்கொள்கிறான். ஈரப் பந்தின் கனமும் வழுக்கலும் அந்தக் கணத்தில்தான் அவன் கைக்குத் தெரிகிறது. கையிலிருந்து விட்டு உதைக்கிறான். பந்து காலின் விளிம்பில் பட்டுப் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. எதிரணிக்குத் த்ரோ. இதைத் தவறு என்று எழுதத் தேவையில்லை. மழையில் எதிரணிக்காரன் காலுக்குப் போவதைவிட வெளியே போவது நல்லது.

அடுத்து வருவதுதான் உண்மையான சோதனை. கோல் வாயின் முன்பகுதி எல்லா மைதானத்திலும் அதிகம் மிதிபடும் இடம். மண் தேய்ந்து பள்ளமாகி, மழையில் முதலில் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். கெட்டியான ஈரத் தரையில் பந்து எதிர்பார்த்ததைவிட வேகமாக வழுக்கிக்கொண்டு வரும். தேங்கிய தண்ணீரில் அப்படியே நின்றுவிடும். 1974 உலகக் கோப்பையில் ஃபிராங்ஃபர்ட்டில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் மோதியபோது, பெருமழைக்குப் பிறகு தீயணைப்புப் படையினர் தண்ணீரை இறைத்தும் மைதானம் முழுதாகக் காயவில்லை. உதைத்த பந்து பாதி வழியில் நின்றுபோனது. நம் கதையில் ஒரே உதையில் இரண்டும் நடக்கின்றன. பாக்ஸுக்கு வெளியிலிருந்து தரையோடு வந்த பந்து சீறிக்கொண்டு வருகிறது. இவன் கோட்டில் குனிந்து காத்திருக்கிறான். இரண்டு மீட்டருக்கு முன்னால் பந்து குட்டையில் நின்றுவிடுகிறது. ஃபார்வர்டு அதைத் துரத்திக்கொண்டு வருகிறான்.

கோட்டிலேயே காத்திருந்தால் கோல்தான். முன்னால் பாய வேண்டும், ஆனால் பிடிக்கப் பார்க்கக் கூடாது. மழையில் கீப்பர் செய்யும் பெரிய பிழை, உலர்ந்த நாளில் பிடிக்கும் பந்தையெல்லாம் பிடிக்க முயல்வதுதான். நேராக நெஞ்சுக்கு வருவதை உடம்போடு அணைக்கலாம். மற்றதைத் தட்டிவிட வேண்டும், அதுவும் பக்கவாட்டில். எதிரே தட்டினால் அது ஓடிவருகிறவன் காலுக்குப் போகும். இவன் விழுந்து, திறந்த உள்ளங்கையால் பந்தை இடப்பக்கம் தள்ளுகிறான். கோல் கோட்டைத் தாண்டிப் போகிறது. கார்னர்.

இங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் பலன் தருகிறது. எதிரணிக்குக் கார்னர் எடுப்பவன் இடது காலன் என்பதையும், அவன் பந்து கோலை நோக்கி வளைந்து வரும் என்பதையும் இவன் பார்த்து வைத்திருக்கிறான். ஒரு அடி முன்னே நிற்கிறான். பந்து எழும்பியதும் "கீப்பர்!" என்று கத்துகிறான். களத்துக்குள் வந்த பிறகு அவன் வாய் திறப்பது இதுதான் முதல் முறை. அந்தக் குரல் இல்லாவிட்டால் அவனுடைய ஸ்டாப்பரே அவன்மேல் மோதியிருப்பான். குரல் கேட்டதும் ஸ்டாப்பர் குனிய, இவன் இரண்டு முஷ்டியையும் சேர்த்துக் குத்துகிறான். ஈரப் பந்தை ஒற்றைக் கையால் குத்தினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு கையும் சேர்ந்தால் அது பாக்ஸைத் தாண்டும்.

அதன்பின் நான் எழுதினால் ஒரு கோலை விழவிடுவேன். முப்பது மீட்டரிலிருந்து வரும் உதை, அவன் பாய்ந்த பக்கத்தில்தான் வருகிறது. தரையில் பட்டு வழுக்கி, கைக்கு அடியில் புகுந்துவிடுகிறது. அதில் அவன் தப்பு இல்லை என்று சொல்ல முடியாது. கையை மட்டும் நீட்டினான். பந்துக்குப் பின்னால் உடம்பைக் கொண்டுபோயிருக்க வேண்டும். மழைநாளில் கீப்பரால் விழுந்த கோலையும் மழையால் விழுந்த கோலையும் பிரித்தறிய இதைப் பார்த்தால் போதும்: கை தவறினாலும் பந்தைத் தடுக்க உடம்பு பின்னால் இருந்ததா?

ஒன்றுக்கு ஒன்று. வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து வரும் ஸ்டாப்பர் அவனைத் திட்டவில்லை. "அடுத்த கார்னருக்கு இன்னும் சத்தமாக் கத்துடா. மழையில பாதிதான் கேட்டுச்சு" என்கிறான்.