59 சென்ட்டா, 59 டாலரா?

அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பழைய ஆண்டறிக்கை. தாளில் அச்சானதை ஸ்கேன் செய்து படமாக வைத்திருக்கிறார்கள். லாப நட்டக் கணக்கின் அடியில், பங்கு ஒன்றுக்கு எவ்வளவு வருவாய் என்று சொல்லும் இரண்டு வரிகள் இருக்கின்றன. விளக்கத்துக்காக எண்களை மாற்றி, அமைப்பை அப்படியே தருகிறேன்:

```
Basic .......................... $ .62
Diluted ........................... .59
```

முதல் வரி, அந்த ஆண்டில் சராசரியாகக் கையில் இருந்த பங்குகளுக்கு லாபத்தைப் பகிர்ந்தால் வருவது. இரண்டாவது, ஊழியர்களுக்கு வாக்களித்த பங்குகள் போல நாளைக்குப் பங்காக மாறக்கூடியவற்றையும் கணக்கில் சேர்த்தால் வருவது. ஒன்று 62 சென்ட், மற்றது 59 சென்ட். இந்தப் பக்கம் எக்செல் கோப்பாக மாறி வந்தபோது முதல் வரியில் 0.62 என்றும் அடுத்த வரியில் 59 என்றும் இருந்தது. 59 சென்ட் 59 டாலர் ஆகிவிட்டது. எந்த எழுத்தும் தவறாகப் படிக்கப்படவில்லை. ஒரே ஒரு புள்ளி தன் கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

தலைப்புக்கும் தொகைக்கும் நடுவே ஓடும் இந்தப் புள்ளிக்கோடு அலங்காரத்துக்காகப் போட்டதில்லை. அகலமான தாளில் இடது ஓரத்தில் தலைப்பைப் படித்துவிட்டு வலது ஓரத்துக்குப் போகும் கண், வழியில் ஒரு வரி மேலேயோ கீழேயோ நழுவிவிடும். அது நழுவாமல் கைபிடித்துக் கூட்டிப் போவதற்காக அச்சுக்காரர்கள் போட்டது. புத்தகத்தின் பொருளடக்கத்தில் நாம் தினமும் பார்ப்பதும் இதுதான்.

கண்ணுக்கு உதவும் இந்தக் கோடு, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளுக்கு இடைஞ்சல். பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருளான டெசராக்ட், வரியை முழுதாக எடுத்துக்கொண்டு, பழகிய எழுத்துத் தொடர்களை அதில் தேடுகிறது. நாற்பது ஐம்பது புள்ளிகள் வரிசையாக வந்தால் தடுமாறுகிறது. சில இடங்களில் புள்ளியாகவே தருகிறது. சில இடங்களில் `ceeeeeseees` என்று எதையோ எழுதிவிடுகிறது. மங்கலான நகலில் இது இன்னும் அதிகம்.

இதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றும் வழி ஒன்று உண்டு. ஓசிஆர் தந்த எழுத்தை எடுத்துக்கொண்டு, நான்கு புள்ளிகளுக்கு மேல் தொடர்ந்து வந்தால் அங்கே வெட்டு, இடையில் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்து எடுத்துவிடு என்று ஒரு விதி எழுதுவது. நூறு வரியில் பெரும்பாலானவற்றுக்கு இது சரியாகவே வேலை செய்யும். ஆனால் `....... .59` என்ற வரியில், வெற்றிடத்தைத் தாண்டி நிற்கும் தசமப்புள்ளியும் கோட்டின் வால் என்றே விதிக்குத் தோன்றும். அதையும் விழுங்கிவிடும். முதல் வரி தப்பியதற்குக் காரணம் டாலர் குறி. அமெரிக்கக் கணக்குகளில் பத்தியின் முதல் வரியிலும் கூட்டுத்தொகையிலும் மட்டும் `$` போடுவது வழக்கம். புள்ளிக்கோட்டுக்கும் `.62`க்கும் நடுவே அது வேலியாக நின்றது. இரண்டாவது வரிக்கு வேலி இல்லை.

சரி, எண்ணை ஒட்டி நிற்கும் புள்ளியை மட்டும் விட்டுவிடு என்று விதியை மாற்றலாமே? மாற்றலாம். ஆனால் சில பக்கங்களில் கோடு தொகையை முட்டிக்கொண்டு நிற்கும்: `.......905`. புதிய விதிக்கு அது `.905` ஆகத் தெரியும். முதல் விதி சென்ட்டை டாலராக்கியது. இது 905ஐ ஒன்றுக்கும் குறைவாக்குகிறது. எழுத்தாக மாறிய பிறகு எல்லாப் புள்ளியும் ஒரே புள்ளிதான். வித்தியாசம் படத்தில்தான் இருக்கிறது. ஆகவே படத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 10 புள்ளி அளவு எழுத்தில் ஓர் இலக்கம் ஏறக்குறைய 29 பிக்சல் உயரம் இருக்கும். கோட்டின் புள்ளி நான்கைந்து பிக்சல்தான். தசமப்புள்ளியும் அதே நான்கைந்து பிக்சல், நிற்பதும் அதே அடிக்கோட்டின் மேல். அளவை வைத்தும் உயரத்தை வைத்தும் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது இடைவெளி.

கோட்டின் புள்ளிகள் அணிவகுப்பில் நிற்பவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும், வைத்துக்கொள்வோம், 20 பிக்சல் என்றால் வரி முழுக்க அதே 20 பிக்சல்தான். ஸ்கேனின் நடுக்கத்தில் ஒன்றிரண்டு கூடும், குறையும். நம் இரண்டாவது வரியில் புள்ளிகள் 20, 20, 20 என்று வந்து நிற்கின்றன. அடுத்த புள்ளி 33 பிக்சல் தள்ளி இருக்கிறது. அதற்கு நான்கு பிக்சல் தாண்டி 5 என்ற இலக்கம் தொடங்குகிறது. அணியிலிருந்து விலகி, இலக்கத்தோடு ஒட்டிக்கொண்ட இந்தப் புள்ளி கோட்டைச் சேர்ந்ததில்லை, தொகையைச் சேர்ந்தது.

இதைச் செய்ய, படத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய கறுப்புப் பிக்சல்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஓப்பன்சிவி நிரல் தொகுப்பில் `connectedComponentsWithStats` என்ற கட்டளை ஒவ்வொரு துண்டின் இடத்தையும் அகல உயரத்தையும் சொல்லிவிடும். அவற்றில் புள்ளி அளவில் உள்ளவற்றைப் பொறுக்கி, ஒரே வரியில், சம இடைவெளியில், குறைந்தது ஐந்தாவது தொடர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படி வந்தால்தான் அது கோடு. நடுவில் ஒரு புள்ளி மங்கிப் போயிருந்தால் இடைவெளி 40 ஆகும். 20இன் மடங்குதான் என்பதால் சங்கிலியை அறுக்காமல் தொடரலாம். 33 எந்த மடங்கும் இல்லை.

இந்தச் சங்கிலியைக் கண்டவுடன் வெள்ளை பூசி அழித்துவிடத்தான் கை பரபரக்கும். அதற்கு முன் அதை ஒரு முறை பின்தொடர்ந்து போவது நல்லது. ஸ்கேனரில் தாள் ஒரு பாகை சாய்ந்திருந்தால், ஆறு அங்குல வரியின் வலது முனை 31 பிக்சல் மேலேயோ கீழேயோ போய்விடும். வரிக்கும் வரிக்கும் இடைவெளியே 50 பிக்சல்தான். பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டால், ஒரே உயரத்தில் இருப்பதை இணைக்கும் நிரல் ஒரு வரியின் தலைப்பை அடுத்த வரியின் தொகையோடு சேர்த்துவிடும். புள்ளிகளோ தாளோடு சேர்ந்தே சாய்ந்திருக்கும். முதல் புள்ளி தொட்டு நிற்கும் தலைப்பும் கடைசிப் புள்ளி கொண்டுபோய்ச் சேர்க்கும் தொகையும் ஒரு ஜோடி. மனிதக் கண்ணுக்காக வைத்த உதவி, நிரலுக்கும் அப்படியே பயன்படுகிறது.

சங்கிலி இன்னொரு சண்டையையும் தீர்க்கிறது. `Accounts receivable (Note 3)` என்ற தலைப்பில் உள்ள 3, பின்குறிப்பின் எண். முதல் இலக்கம் வரும் இடத்தில் தொகை தொடங்குகிறது என்று நினைக்கும் நிரல், கடன்காரர்கள் தர வேண்டியது மூன்று டாலர் என்று எழுதிவிடும். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் தலைப்பு என்றால் அந்தக் குழப்பமே இல்லை. ஆக, எந்த ஜோடி எது, எல்லை எங்கே என்பதைக் குறித்துக்கொண்ட பிறகு, சங்கிலியில் சேர்ந்த புள்ளிகளை மட்டும் படத்தின் நகலில் வெள்ளையாக்கி, தலைப்பையும் தொகையையும் தனித்தனியாக ஓசிஆருக்குக் கொடுக்க வேண்டும். `.59` இப்போது புள்ளியோடு வந்து சேரும்.

சங்கிலியெல்லாம் எதற்கு, சின்னத் துண்டுகள் அத்தனையையும் துடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள், தமிழ் ஆண்டறிக்கை ஒன்றில் அதைச் செய்து பார்க்கலாம். `வங்கிக் கடன்` என்பது `வஙகிக கடன` ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் அந்த அளவுதான். அது எழுத்தின் தலையில் தனியாக நிற்பது; அடிக்கோட்டில் அணிவகுப்பதில்லை. அதனால் சங்கிலி விதி அதைத் தொடாது.

இடைவெளியும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. தட்டச்சுப் பொறியில் அடித்த பழைய கணக்குகளில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். அங்குலத்துக்குப் பத்து எழுத்து அடிக்கும் பொறியில், 300 பிக்சல் ஸ்கேனில், எந்தக் குறிக்கும் அடுத்ததற்கும் 30 பிக்சல்தான். கோட்டின் புள்ளியும் 30, தசமப்புள்ளியும் 30, அடுத்த இலக்கமும் 30. தட்டச்சர் தொகைக்கு முன் ஓர் இடம் விட்டிருந்தால் பிழைத்தோம். விடாமல் அடித்திருந்தால் அந்த வரியை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மேலும் கீழும் உள்ள தொகைகளில் தசமம் எங்கே நிற்கிறது என்று பத்தியைப் பார்க்க வேண்டும். அதுவும் போதாதபோது கணக்கிடமே கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. எடுத்த தொகைகளைக் கூட்டி, அச்சிட்ட கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவது வழக்கமான சோதனை. சொத்து வரிகளில் ஓர் இலக்கம் தவறினால் கூட்டல் உதைத்துவிடும். பங்கு ஒன்றுக்கான வருவாயோ எந்தக் கூட்டலிலும் சேர்வதில்லை. 59 டாலர் என்ற பிழை, எல்லாக் கூட்டல்களும் சரியாக இருக்கும் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

அதற்குக் கூட்டல் உதவாது, வகுத்தல்தான் உதவும். நம் மாதிரியில் நிகர லாபம் 3,100 ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். பங்குகள் 5,000 ஆயிரம். மாறக்கூடியவற்றையும் சேர்த்தால் 5,254 ஆயிரம். முதல் வகுத்தல் 0.62 தருகிறது, இரண்டாவது 0.59 தருகிறது. பங்கு எண்ணிக்கை அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால்கூட வேறொரு வழி இருக்கிறது. லாபம் அதேதான், பங்கிட்டுக்கொள்ளும் கைகள் கூடினால் ஒரு கைக்குக் கிடைப்பது குறையத்தான் வேண்டும். ஆகவே லாபம் காட்டும் நிறுவனத்தில் இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பெரிதாக இருப்பதில்லை. 0.62க்குக் கீழே 59 என்று கண்டவுடன், வேறு எதையும் பார்க்காமலே அந்தப் படத்தைத் திறந்து புள்ளியைத் தேடலாம்.