தடின்ஜுட் நாளில் ஆசிரியருக்கு ஒரு வாழ்த்து

மியான்மரில் புத்த பிக்குகள் மழைக்காலத்தில் கடைப்பிடிக்கும் மூன்று மாத விரதம், பெரும்பாலும் அக்டோபரில் வரும் தடின்ஜுட் பௌர்ணமியோடு முடிகிறது. வீடுகளிலும் பகோடாக்களிலும் விளக்கேற்றும் இந்தத் திருவிழாவின்போது இளையவர்கள் பழமோ துணியோ எடுத்துக்கொண்டு, பெற்றோரையும் ஆசிரியரையும் தேடிச் சென்று வணங்குவது வழக்கம். இந்த வணக்கத்துக்குக் 'கடோ' என்று பெயர். புத்தர், தம்மம், சங்கம் என்ற மூன்றோடு பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்த்து ஐந்தாக வணங்குவது பர்மிய பௌத்த மரபு. அதனால் மாணவர் மண்டியிட்டு, கைகூப்பித் தலை தாழ்த்தியே வாழ்த்தைச் சொல்கிறார்.

வாழ்த்து விளிச்சொல்லில் தொடங்குகிறது. ஆசிரியர் ஆணானால் 'சயா', பெண்ணானால் 'சயாமா'. தலைமையாசிரியர், வயதில் மூத்த ஆசிரியர் போன்றோருக்குப் 'பெரிய' என்னும் பொருள்தரும் 'ஜி' சேர்ந்து 'சயாஜி', 'சயாமாஜி' ஆகும். பெயரையும் சொல்ல வேண்டுமானால் ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'டோ' என்ற அடைமொழி அதற்கு முன்னால் வரும். வெறும் பெயரால் அழைப்பது மரியாதைக் குறைவு. 'நீங்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்திலும் 'சயாமா' என்ற சொல்லையே மறுபடி சொல்வார்கள்.

மாணவர் தம்மைக் குறிக்க 'நான்' என்பதற்குப் பதிலாக உறவுச் சொல்லைப் பயன்படுத்துவதுண்டு. மாணவி 'தமீ', அதாவது மகள் என்பாள். மாணவன் 'தா', அதாவது மகன் என்பான். வாக்கியம் முடியும் இடத்தில் வரும் மரியாதைச் சொல், பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. பெண் சொன்னால் 'ஷின்', ஆண் சொன்னால் 'கம்யா'. கேட்பவர் பெண் என்பதால் மாணவனும் 'ஷின்' என்று முடித்துவிடுவது, மொழியைப் புதிதாகக் கற்பவர்கள் செய்யக்கூடிய பிழை. வினையோடு சேரும் 'பா' பணிவைக் காட்டும். அதை விட்டால் பேச்சு வெடுக்கென்று ஒலிக்கும்.

இவையெல்லாம் சேர்ந்து, ஒரு மாணவி தன் ஆசிரியைக்குச் சொல்லும் வாழ்த்து இப்படி அமையும்: "சயாமா, தமீ கடோ பாதே ஷின். சயாமா சான்மா பாஸே, சாந்தா பாஸே லோ சு தௌன் பாதே ஷின்." 'ஆசிரியை அவர்களே, மகள் வணங்குகிறேன். தாங்கள் உடல்நலத்தோடும் வளத்தோடும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்' என்பது இதன் பொருள். மாணவன் சொன்னால் 'தமீ' இருக்குமிடத்தில் 'தா' வரும். 'ஷின்' இருக்கும் இரண்டு இடங்களிலும் 'கம்யா' வரும். பெறுபவர் ஆசிரியரானால் 'சயாமா', 'சயா' ஆகும். மற்றவை மாறுவதில்லை.

இரண்டாம் வாக்கியத்தின் இறுதியிலுள்ள 'சு தௌன்' என்பது வரம் வேண்டுதலைக் குறிக்கும். மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் ஆசிக்குச் 'சு பே', அதாவது வரம் தருதல் என்று பெயர். இளையவர் வேண்டலாம், தருவது மூத்தவருக்கே உரியது. எனவே 'லோ சு தௌன் பாதே' என்ற பகுதியைச் சேர்த்துச் சொன்னால், மாணவி தானே ஆசி வழங்குவது போன்ற தொனி வாழ்த்தில் இராது.

முறைப்படி கடோ செய்யும்போது, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் பிழை செய்திருந்தால் மன்னிக்கும்படி கேட்பதும் உண்டு. ஆசிரியை அதை ஏற்று, "சான்மா பாஸே, சாந்தா பாஸே" என்று மாணவியை ஆசீர்வதிப்பார்.