நான்கு பின்களில் ஒரு படிக்கட்டு அலை

ஆர்டுயினோ ஊனோ போர்டின் டிஜிட்டல் பின் 0 அல்லது 5 வோல்ட் மட்டுமே தரும். ஆனால் நான்கு பின்களோடு மின்தடை ஏணி ஒன்றைச் சேர்த்தால், 16 மட்டங்களில் ஏறும் படிக்கட்டு அலை கிடைத்துவிடும்.

8 முதல் 11 வரையுள்ள ஒவ்வொரு பின்னிலும் ஒரு 20 கிலோ ஓம் மின்தடை. அவற்றின் மறுமுனைகளை வரிசையாக இணைப்பவை மூன்று 10 கிலோ ஓம் மின்தடைகள். 8-ஆம் பின் பக்கத்து முனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 20 கிலோ ஓம். 11-ஆம் பின் பக்கத்து முனைதான் வெளியீடு.

இந்த அமைப்பில் 11-ஆம் பின் 2.5 வோல்ட் சேர்க்கும். அடுத்தடுத்த பின்கள் அதில் பாதி, கால், அரைக்கால். நிரல் எண்ணிக்கொண்டே போனால் போதும்:

```
DDRB = 0x0F;
while (1)
  for (byte n = 0; n < 16; n++) {
    PORTB = n;
    delay(1);
  }
```

ஒவ்வொரு எண்ணுக்கும் 0.3125 வோல்ட் ஏறி, 4.6875-ஐத் தொட்டதும் அலை பூஜ்யத்துக்கு இறங்கும்.

7-லிருந்து 8-க்குப் போகும்போது நான்கு பின்களும் மாறுகின்றன. ஒவ்வொன்றாக மாற்றினால் இடையில் தவறான மின்னழுத்தம் தெறிக்கும். அதனால்தான் `PORTB`-க்கு ஒரே எழுத்து. ஆசிலோஸ்கோப்பில் அந்த நடுப்படி மட்டும் குட்டையாகத் தெரிந்தால், 11-ஆம் பின்னின் மின்தடை மதிப்பு கூடுதலாக இருக்கக்கூடும்.

வெளியீட்டில் நேரடியாக ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. ஏணியின் உள்தடை 10 கிலோ ஓம் என்பதால் மின்னழுத்தம் சரிந்துவிடும். நடுவில் ஆப்-ஆம்ப் பஃபர் அவசியம்.