"எனக்குச் சரியா வருதே": பக்கைச் சரி பண்ணாம மூடுறது எப்படி?

ஒரு பக்கைச் சரி பண்ணி டிக்கெட்டை மூடுறது ஈஸி. அனுப்பினவங்க "தேங்க்ஸ்"னு போடுவாங்க, கதை முடிஞ்சுது. சரி பண்ணாம மூடுறதுதான் கஷ்டம். அதுக்கு நம்ம கையில மூணு ஸ்டேட்டஸ் இருக்கு: Cannot Reproduce, Works as Designed, Won't Fix. இன்னைக்கு எபிசோடு இந்த மூணைப் பத்தித்தான். முதல்ல நான் சொதப்பின கதையைச் சொல்லிடறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்க சப்போர்ட் டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. ஒருநாள் ஒரு டிக்கெட் போட்டிருந்தாங்க: "டொராண்டோ கஸ்டமர் ஒருத்தருக்குப் பிறந்த தேதி ஒருநாள் முன்னாடி காட்டுது. ஜூன் 15ன்னு குடுத்திருக்கார், 14ன்னு வருது." நான் சென்னையில என் லேப்டாப்ல திறந்து பார்த்தேன். 15தான் இருந்துது. "எனக்குச் சரியா வருது"ன்னு ஒரே வரி எழுதி, Cannot Reproduce போட்டு மூடிட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை.

அக்கா பதிலே போடலை. நானும் மறந்துட்டேன். மூணு மாசம் கழிச்சு இன்னொரு கஸ்டமர் அதே பிரச்சினையை நேரா மேனேஜருக்கே மெயில் பண்ணிட்டார். நான் அக்காகிட்ட ஓடினேன். அவங்க ஒரு ஷீட்டைத் திறந்து காட்டினாங்க. அதே மாதிரி 11 புகார், எல்லாமே கனடா, அமெரிக்கா.

"ஏங்க்கா, டிக்கெட் போட்டிருக்கலாமே?"

"போட்டா என்ன தம்பி சொல்லுவ? உனக்குச் சரியா வருதும்ப."

அந்த 11 வரியை முன்னாடியே பார்த்திருந்தா காரணம் அங்கேயே தெரிஞ்சிருக்கும். நேரம் இல்லாம வெறும் தேதியை மட்டும் குடுத்தா, ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவுன்னு எடுத்துக்கும். அப்போ சென்னையில விடியற்காலை 5.30, அதே 15ஆம் தேதி. டொராண்டோவுல ஜூன் மாசத்துல அது முந்தின நாள் ராத்திரி 8 மணி. அதை என் லேப்டாப்லயே ஒரு வரியில பார்த்திருக்கலாம்:

```
TZ=America/Toronto node -e 'console.log(new Date("1995-06-15").toString())'
```

`Wed Jun 14 1995 20:00:00`னு வரும். டிக்கெட்லயே "டொராண்டோ"ன்னு எழுதியிருந்தாங்க. நான்தான் அதைப் படிச்சும் கண்டுக்கலை.

இதுல நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணு. இந்த மூணு ஸ்டேட்டஸும் மூணு வேற வேற விஷயத்தைச் சொல்லுது. ஆனா அனுப்பினவங்களுக்கு மூணுமே "நீ சொன்னது தப்பு"ன்னுதான் காதுல விழுது. அதனால ஸ்டேட்டஸை மட்டும் மாத்திட்டுப் போகாம, அது உண்மையில என்ன சொல்லுதுன்னு நாமதான் எழுதணும்.

Cannot Reproduce-னா "அந்தப் பக் இல்லை"ன்னு அர்த்தம் இல்லை. "நான் தேடின இடத்துல கிடைக்கலை"ன்னு அர்த்தம். அப்போ எங்க தேடினேன்னு சொல்லணும்ல? இன்னைக்கு அதே டிக்கெட் வந்து, நிஜமாவே எனக்குக் காரணம் கிடைக்கலைன்னா இப்படி எழுதுவேன்:

"அக்கா, இன்னைக்கு லைவ்ல இருக்கிற வெர்ஷன்ல, விண்டோஸ், குரோம்ல, சென்னை நேரத்துல அந்தக் கஸ்டமரோட ரெக்கார்டையே திறந்து பார்த்தேன். 15ன்னு வருது. அவர் மெஷின்ல என்ன டைம்ஸோன் இருக்குன்னு கேட்டுச் சொல்றீங்களா? ரெண்டு வாரம் திறந்து வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் மூடினாலும், இன்னொருத்தருக்கு இப்படி வந்தா இதே டிக்கெட்டைத் திரும்பத் திறந்துடுங்க."

இதுல எங்க பார்த்தேன்னு இருக்கு, ஒரே ஒரு கேள்வி இருக்கு, எப்போ திரும்பத் திறக்கலாம்னும் இருக்கு. கேள்வி ஒண்ணுதான் இருக்கணும். பத்து கேள்வி அனுப்பினா, அது பதில் வராம மூடறதுக்கு நாமளே பண்ற ஏற்பாடு. இதைப் படிச்சா அக்காவுக்கே தெரியும், நான் சென்னை நேரத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன்னு. நான் விட்ட ஓட்டையை அவங்களே காட்டிடுவாங்க.

அடுத்தது Works as Designed. இதைத்தான் நாம ரொம்பத் தப்பா யூஸ் பண்றோம். எங்க அக்கவுன்ட்ஸ்ல ஒரு அண்ணன் டிக்கெட் போட்டார்: "2.5 ரூபாயை ரவுண்ட் பண்ணினா 3 வரணும், 2 வருது." பார்த்தா பைத்தான். `round(2.5)` குடுத்தா 2, `round(3.5)` குடுத்தா 4. சரிபாதியில நின்னா பக்கத்துல இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போகும். எல்லா அரையையும் மேலேயே தூக்கினா, நிறைய எண்களைக் கூட்டும்போது மொத்தம் மேல் பக்கமா சாயும். அதைத் தவிர்க்கத்தான் அப்படி வெச்சிருக்காங்க. டாக்குமென்டேஷன்லயும் தெளிவா இருக்கு.

அப்போ Works as Designed-னு மூடிடலாமா? மூடக்கூடாது. அது பைத்தானோட டிசைன், எங்க பில்லிங்கோட டிசைன் இல்லை. பில்லுல எப்படி ரவுண்ட் பண்ணணும்னு எங்க டீம்ல யாருமே முடிவெடுக்கலை. யாரோ `round`னு டைப் பண்ணிட்டாங்க, அவ்வளவுதான். நான் வெச்சிருக்கிற டெஸ்ட் இதுதான்: இந்தப் புகார் வர்றதுக்கு முன்னாடியே, இப்படித்தான் இருக்கணும்னு யாராவது எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்களா? இருந்தா அந்த இடத்தைக் காட்டலாம். இல்லைன்னா அது டிசைன் இல்லை, தற்செயல். அண்ணனோட டிக்கெட்டை மூடாம, `Decimal`, `ROUND_HALF_UP`க்கு மாத்தினோம்.

நிஜமாவே டிசைன்தான்னாலும், "நீங்க பார்த்தது சரிதான், அது அப்படித்தான் வரும்"னு முதல் வரியில சொல்லிட்டு, அப்புறம் காரணத்தைச் சொல்லுங்க. ஒரே விஷயத்துக்கு மூணு பேர் டிக்கெட் போட்டா, டிசைன் சரியா இருக்கலாம், ஆனா ஸ்கிரீன் அதைப் புரியவைக்கலைன்னு அர்த்தம். அதுக்குத் தனி டிக்கெட் போடணும்.

கடைசி Won't Fix. இதுல அவங்க சொன்னது சரி, அது பக்தான், ஆனா நாம பண்ணப் போறதில்லை. இதை நேரா சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பல பேர் மத்த ரெண்டு ஸ்டேட்டஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறோம். எங்க பழைய `.xls` ரிப்போர்ட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிக்கு மேல போகாது. அது அந்த ஃபார்மேட்டோட எல்லை. ரெண்டு கஸ்டமருக்கு அதுக்கு மேல இருந்த டேட்டா சத்தமே இல்லாம வெட்டுப்பட்டுச்சு. பல ஷீட்டாப் பிரிக்க முடியும், ரெண்டு வாரம் ஆகும். நாங்க எழுதினது:

"நீங்க சொன்னது சரி, டேட்டா வெட்டுப்படுது. `.xls`ஐப் பல ஷீட்டாப் பிரிக்கிற வேலையை நாங்க எடுக்கலை, ஏன்னா `.xlsx`ல 10,48,576 வரி வரைக்கும் வரும், அதே மெனுவுல இருக்கு. ஆனா சொல்லாம வெட்டுறது எங்க தப்பு. இந்த ரிலீஸ்ல ஒரு எச்சரிக்கை வரும். `.xlsx` உங்க சிஸ்டத்துல ஓடாதுன்னா சொல்லுங்க, திரும்பப் பேசலாம்."

எல்லையை விட்டுட்டோம், சத்தமில்லாம வெட்டுறதைச் சரி பண்ணிட்டோம். ஒரு Won't Fix டிக்கெட்டை நல்லா நோண்டினா, உள்ள இந்த மாதிரி அரை நாள் வேலை ஒண்ணு அடிக்கடி கிடைக்கும்.

எவ்வளவு நல்லா எழுதினாலும் சில பேர் கோபப்படத்தான் செய்வாங்க. நான் கவனிக்கிறது அதை இல்லை. மூடின டிக்கெட்டுக்கு அப்புறம் அதே ஆள் அடுத்த டிக்கெட் போடறாங்களான்னு பார்ப்பேன். அக்கா இப்போ டிக்கெட் போடும்போது முதல் வரியிலேயே டைம்ஸோனை எழுதிடறாங்க. போன வாரம் ஒண்ணு வந்துது: "தம்பி, இது உனக்கு வராது. சிட்னின்னு வெச்சுப் பாரு."

வெச்சுப் பார்த்தேன். வந்துது.