'வீடு' தேடினால் 'வடு' வருவதேன்?

கம்ப்யூட்டர் தமிழ்ச் சொல்லை முழுதாகப் படிப்பதில்லை. தன்னிடமுள்ள பட்டியலின்படி துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளைக் கொண்டே தேடுகிறது. பட்டியல் பிசகினால் தேடலும் பிசகும்.

கூகுள் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பன்மொழி 'பெர்ட்' இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு வகை, வெட்டுமுன் எழுத்தின் மேலுள்ள உச்சரிப்புக் குறிகளைக் களைந்துவிடும். ஐரோப்பிய மொழிகளை நினைத்துச் செய்த ஏற்பாடு இது. ஆனால் யூனிகோடு முறையில் நமது புள்ளியும் ஈகாரக் குறியும் அதே இனத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே அவையும் போய்விடும். உகரக் குறி வேறு இனம் என்பதால் தப்பிவிடும்.

விளைவு? 'வீடு' என்பது 'வடு' ஆகிறது. 'மீன்' என்பது 'மன' ஆகிறது. வாடகைக்கு வீடு தேடுபவர் முன் தழும்பைப் பற்றிய கட்டுரையும் வந்து நிற்கலாம். பக்கத்துச் சொற்களைக் கொண்டு கம்ப்யூட்டர் ஓரளவு ஊகிக்கும். 'வீடு' என்று ஒரே சொல்லைக் கொடுத்தால் அதற்கும் வழியில்லை.

குறிகளைக் களையாத மற்றொரு வகையும் உண்டு. அதையே பயன்படுத்தும்படி கூகுளே சொன்னது. சோதிப்பது எளிது. 'வீடு', 'வடு' இரண்டையும் கொடுத்துத் துண்டுகளைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே துண்டுகள் வந்தால், அந்த வகை தமிழுக்கு ஆகாது.